இரண்டாவது கணக்கு

ராசிபுரம், திருச்செங்கோடு பக்கமிருந்து வரும் அம்மாக்கள் எடை மிஷினில் ஏறும்போது செருப்பைக் கழற்றுவார்கள். இடுப்பில் செருகிய சுருக்குப்பையை எடுக்க மாட்டார்கள். உயரம் பார்த்தால் கொண்டையும் சேர்ந்துவிடும். "கொண்டைய அவுத்துருங்கம்மா" என்றால், "அதுல என்னங்க வந்துரப்போவுது?" என்பார்கள். மருந்தாளுநராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அவர்கள் கேட்பதில் நியாயம் உண்டு.

கீமோ மருந்துகள் பலவற்றுக்கு உடல் பரப்பளவுதான் அளவு. உயரத்தைச் செ.மீ.யில், எடையைக் கிலோவில் எடுத்துப் பெருக்கி, 3600ஆல் வகுத்து, வர்க்கமூலம் காண வேண்டும். 1987இல் மோஸ்டெல்லர் சொன்ன சுருக்குவழி. 154 செ.மீ., 52 கிலோ என்றால் 1.49 சதுர மீட்டர். மார்பகப் புற்றுநோய்க்குத் தரும் டாக்சோரூபிசின், சதுர மீட்டருக்கு 60 மி.கி. வீதம் 89 மி.கி. வரும். கொண்டை 3 செ.மீ. கூட்டினால் 90. விட்டுவிடலாம்.

அதே அம்மா, சாப்பாடு இறங்காமல் மூன்றாவது தவணைக்கு 44 கிலோவாக வந்து நிற்கிறார். இப்போது பரப்பளவு 1.37, மருந்து 82 மி.கி. முதல் தவணைச் சீட்டிலிருக்கும் 52ஐயே எடுத்துக்கொண்டால், மெலிந்த உடம்புக்கு எட்டு சதவீதத்துக்கு மேல் கூடுதலாகப் போகும். இதை இரண்டு பேர் சரிபார்த்தாலும், இருவரும் அந்த 52ஐத்தான் பெருக்குவார்கள் என்றால், இருவருக்கும் ஒரே விடைதான் வரும். விடை ஒத்துப்போனதில் திருப்தியாகிக் கையெழுத்தும் விழும். நாமக்கல் லாரிக்காரரிடம் கேளுங்கள்: சரக்கை வாங்குகிறவர், ஏற்றிய இடத்து எடைச்சீட்டைத் திரும்பப் படிப்பதில்லை, வண்டியையே தன் எடைமேடையில் ஏற்றிப் பார்க்கிறார்.

1994இல் அமெரிக்காவின் பாஸ்டனில், டானா ஃபார்பர் மருத்துவமனையில் நடந்தது இதைவிடப் பெரிது. பெட்ஸி லேமன், பாஸ்டன் குளோப் நாளிதழில் உடல்நலப் பத்தி எழுதியவர். பரப்பளவு 1.63. சைக்ளோபாஸ்பமைடு சதுர மீட்டருக்கு 4 கிராம், நான்கு நாளுக்கும் சேர்த்து. மொத்தம் 6,520 மி.கி. அதை ஒரு நாளுக்கு உரியதாக எடுத்துக்கொண்டு நான்கு நாளும் 6,520 கொடுத்தார்கள். டாக்டர், நர்ஸ், மருந்தாளுநர் எனப் பலர் கையைத் தாண்டிப் போனது. பெருக்கலில் பிழையே இல்லை. டிசம்பர் 3இல் அவர் இறந்தார். தவறு வெளியே வந்தது 1995 பிப்ரவரியில், பழைய பதிவுகளைத் தொகுத்த ஓர் எழுத்தர் கண்ணில் பட்டபோது.

ஆகவே இரண்டாவது ஆள் முதல் ஆளின் விடையைப் பார்க்கக் கூடாது. அன்றைய எடையைத் தானே கேட்டு வாங்க வேண்டும். டாக்டர் எழுதிய சீட்டோடு நிற்காமல் சிகிச்சைத் திட்டத்தின் மூலத்தாளைத் திறந்து, இது ஒரு நாளைக்கா, மொத்தத்துக்கா, இத்தனை நாளில் எத்தனை தடவை என்று பார்த்துத் தனியாகக் கணக்குப் போட வேண்டும். அதன் பிறகே இரண்டு தாளையும் பக்கத்தில் வைப்பது. 89, 82 என்று வந்தால் நடுவில் 85 என்று சமரசம் பேசுகிறவர்களும் உண்டு. எனக்குக் கோபம் வருவது அங்கேதான். நோயாளியை மறுபடி மிஷினில் ஏற்றி, டாக்டரைக் கூப்பிட்டுக் கேட்கும்வரை மருந்துக் குப்பியை உடைக்க விடமாட்டேன்.