சப்டைட்டில் ஏன் சாம்பல் நிறமானது?

சென்ற வாரம் என் ஆய்வேட்டின் மூன்றாம் இயலிலிருந்து இரண்டரைப் பக்கங்களை நீக்கினேன். எழுபதுகளில் எடுக்கப்பட்ட ஒரு வண்ணப் படத்தைப் பற்றிய பகுதி அது. கடுகு வயல் வெளிறிய எலுமிச்சை நிறத்தில் கிடக்கிறது. நகரத்து எழுத்தரின் வெள்ளைச் சட்டை சாம்பல் பூத்திருக்கிறது. இயக்குநர் வேண்டுமென்றே நிறங்களை வடியவிட்டிருக்கிறார் என்று வாதிட்டிருந்தேன். வாதம் மோசமில்லை. ஆனால் அந்த வெளிறல் படத்தில் இல்லை. ஹைதராபாத்தில் எங்கள் துறையின் கருத்தரங்க அறை மேசைக்கடியில், தூசு படிந்த ஒரு சிறு பெட்டியில் இருந்தது. திரையில் கண்டதைச் சான்றாகக் கொண்டு எழுதும் நண்பர்களுக்குப் பயன்படலாம் என்பதால் நடந்ததைச் சற்று விரிவாகவே பதிவு செய்கிறேன்.

அறையில் பழைய புரொஜெக்டர் ஒன்று உண்டு. இடம் போதாதபோது வெளியே அமர்வோருக்காக நடைவழியில் ஒரு புதிய தொலைக்காட்சியும் மாட்டியிருக்கிறார்கள். இரண்டுக்கும் ஒரே காட்சியைப் பிரித்தனுப்புவது எச்.டி.எம்.ஐ. ஸ்பிளிட்டர் எனும் அந்தப் பெட்டி. இதுநாள்வரை அதில் மடிக்கணினியைத்தான் செருகிவந்தோம். மீட்டெடுக்கப்பட்ட பிரதி ஓ.டி.டி. தளத்தில் வந்தபின் ஒரு ஸ்ட்ரீமிங் ஸ்டிக்கை வாங்கிச் செருகினோம். முதல் நாள் 4கே-யில் புரொஜெக்டரில் படமே வரவில்லை. ஸ்டிக்கை 1080p என்று மாற்றியதும் வந்தது. வந்தது, ஆனால் எல்லாவற்றின்மீதும் மெல்லிய புகை படிந்ததுபோல. ஸ்டிக்கின் முகப்புத் திரையே அப்படித்தான் இருந்தது. கறுப்பாக இருக்கவேண்டிய பின்னணி ஈரச் சிலேட்டின் நிறத்தில் தெரிந்தது.

இந்த முதற்கோளாறு எளியது. எட்டு பிட் காணொளியில் ஒளியளவைக் குறிக்க 0 முதல் 255 வரை எண்கள் உள்ளன. கணினி அவை அனைத்தையும் பயன்படுத்துகிறது: 0 கறுப்பு, 255 வெள்ளை. தொலைக்காட்சி மரபு அவ்வாறன்று. 1982-இல் எண்முறைக் காணொளிக்கு வகுக்கப்பட்ட தரத்தில் கறுப்பு 16-இலும் வெள்ளை 235-இலும் வைக்கப்பட்டன. அனலாக் சமிக்ஞை எல்லை மீறித் துள்ளும்போது வெட்டுப்படாதிருக்க இருபுறமும் விடப்பட்ட இடம் அது. அந்தத் தேவை பெரும்பாலும் மறைந்துவிட்டது, மரபு மறையவில்லை. ஸ்டிக் 16-ஐக் கறுப்பென்று அனுப்புகிறது. புரொஜெக்டரின் பட்டியலில் எவரோ மடிக்கணினிக்காக வீச்சினை `Full` என்று நிலைநிறுத்தியிருந்தார். ஆகவே அது 16-ஐக் கறுப்புக்குச் சில படிகள் மேலுள்ள சாம்பலாகக் காட்டிற்று. 235-ஐ வெள்ளைக்குச் சற்றுக் கீழே நிறுத்திற்று. அதை `Limited` என்று மாற்றியதும் முகப்புத் திரையின் கறுப்பு கறுப்பாயிற்று.

என் பிழை இங்கேதான் தொடங்கியது. கருவி சரியாகிவிட்டது என்று முடிவுகட்டினேன். அதன்பின் ஓடிய படமும் வெளிறியே இருந்தபோது, அது படத்தின் இயல்பு என்று கொண்டு குறிப்பெடுக்கத் தொடங்கினேன். குறிப்புகள் இரண்டரைப் பக்கங்களாயின.

பத்து நாள் கழித்துத் தேநீர்க் கடையில், அன்று நடைவழியில் அமர்ந்து படம் பார்த்த இளைய ஆய்வு மாணவி ஒருத்தி, “சேச்சி, அந்தக் கடுகு வயலின் மஞ்சள் இன்னும் கண்ணில் நிற்கிறது” என்றாள். “மஞ்சளா? வெளிறியல்லவா இருந்தது?” என்றேன். இருவரும் சற்று நேரம் விட்டுக்கொடுக்கவில்லை. அவள் கேரளத்துக்காரி, அவளுக்குக் கடுகு வயல் புதிது, மிகைப்படுத்துகிறாள் என்றுகூட நினைத்தேன். பிறகு எழுந்துபோய் மீண்டும் ஓடவிட்டோம். நடைவழியில் மஞ்சள், அறைக்குள் எலுமிச்சை. அப்போதுதான் சப்டைட்டிலைக் கவனித்தேன். தொலைக்காட்சியில் அது வெள்ளையாக இருந்தது, புரொஜெக்டரில் சாம்பலாக. சப்டைட்டில் தளத்தார் சேர்த்தது. அதன் நிறத்தை வடியவைக்க எந்த இயக்குநரும் எழுபதுகளிலிருந்து வந்திருக்க முடியாது.

இரண்டாம் கோளாறு எச்.டி.ஆர். சார்ந்தது. பழைய முறையில் எண் என்பது ஒரு விகிதம்: உச்ச எண் வந்தால் உன்னால் இயன்ற முழு ஒளியைக் காட்டு என்பதே அதன் பொருள். 2014-இல் தரமாக்கப்பட்ட பி.கியூ. எனும் வளைவில் எண் ஒரு திட்டவட்டமான ஒளியளவைச் சுட்டுகிறது, உச்சம் 10,000 நிட். சூரியனுக்கும் தீச்சுடருக்கும் மேலே அவ்வளவு இடம் ஒதுக்குவதால், 100 நிட் ஒளியுடைய ஒரு சாதாரண வெள்ளை அளவுகோலின் ஏறத்தாழ நடுவிலேயே அமைந்துவிடுகிறது. எச்.டி.ஆர். அறியாத புரொஜெக்டர் அதைப் ‘பாதி’ என்றே படிக்கும். கண்ணின் இயல்புக்கேற்ப வளைக்கப்பட்ட அளவுகோல் என்பதால், பாதி எண்ணுக்கு அது வெளியிடும் ஒளி உச்சத்தில் ஐந்தில் ஒரு பங்களவே. நிறத்துக்கும் இதே கதி. எச்.டி.ஆர். பயன்படுத்தும் பரந்த நிறவெளியில் கடுகு மஞ்சள் எல்லையிலிருந்து உள்ளே தள்ளி நிற்கும். அவ்வெண்ணைக் குறுகிய நிறவெளிக்குரியதாகப் படித்தால் மஞ்சள் சாம்பலை நோக்கி நகர்ந்துவிடும்.

ஆக, இரண்டு வெளிறல்களும் ஒன்றல்ல. வீச்சுப் பிழையில் கெடுவது முதன்மையாகக் கறுப்பு. எச்.டி.ஆர். பிழையில் கறுப்பு ஏறக்குறையத் தன் இடத்திலேயே இருக்கும்; வெள்ளையும் நிறமும் சரியும். நான் கறுப்பை மட்டும் பார்த்துத் திருப்தியடைந்திருந்தேன்.

ஆனால் எச்.டி.ஆர். அறியாத புரொஜெக்டருக்கு ஸ்டிக் ஏன் அதை அனுப்பியது? ஒவ்வொரு திரையும் தன் திறன்களைக் கேபிள் வழியே ஒரு சிறு தரவுத்தொகுதியாக அறிவிக்கும். ஸ்பிளிட்டர் இரண்டு திரைகளின் அறிவிப்புகளில் ஒன்றையே ஸ்டிக்குக்குக் காட்டியது: முதல் துளையிலிருந்த புதிய தொலைக்காட்சியினுடையதை. ஸ்டிக்கில் `Adaptive` என்ற அமைப்பு இருந்ததால் முகப்புத் திரை பழைய முறையிலும் படம் மட்டும் எச்.டி.ஆர். முறையிலும் சென்றன. முகப்பு நன்றாகவும் படம் வெளிறியும் இருந்ததன் காரணம் இதுவே. ஸ்பிளிட்டரைக் கழற்றி ஸ்டிக்கை நேரே புரொஜெக்டரில் செருகியதும் வயல் மஞ்சளாயிற்று.

இரு திரைகளும் வேண்டும் என்பதால் இப்போது ஸ்டிக்கில் `Disable HDR` என்று வைத்திருக்கிறோம். இதிலும் ஓர் ஐயம் எஞ்சுகிறது. தளம் சாதாரணப் பிரதியொன்றை அனுப்பினால் அதன் நிறங்களை ஒரு மனிதர் பார்த்துத் தீர்மானித்திருக்கக்கூடும், எச்.டி.ஆர். பிரதியை ஸ்டிக்கே மாற்றிக் காட்டினால் தீர்மானிப்பது ஒரு சூத்திரம். எது நிகழ்கிறது என்று திரையில் எழுதப்படுவதில்லை. ஆகவே அந்த இயலில் நிறத்தைப் பற்றிய ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பார்த்த கருவி, அமைப்பு, பிரதி ஆகியவற்றை அடிக்குறிப்பில் சேர்த்து வருகிறேன். நெறியாளர் அடிக்குறிப்பு நீள்கிறது என்கிறார்; நீளட்டும்.

மறுநாள் பொருளியல் மாணவர் ஒருவர் மடிக்கணினியை அதே புரொஜெக்டரில் இணைத்தார். கறுப்புப் பின்னணியில் அவர் வரைந்திருந்த அடர்சாம்பல் கோடுகளில் இரண்டு காணாமற்போயின. நான் வைத்துவிட்டுப் போன `Limited`, 16-க்குக் கீழிருந்த அனைத்தையும் கறுப்பில் அமிழ்த்தியிருந்தது. `Auto`-வில் வைத்துப் பார்த்தோம். மடிக்கணினி, ஸ்டிக் இரண்டுக்கும் சரியாகவே வருகிறது. அதைத் தொடவேண்டாம் என்று ஆங்கிலத்திலும் தெலுங்கிலும் எழுதி ஒட்டியிருக்கிறோம்.