மெனு கார்டும் பொடி இட்லியும்

வாகட்ல நம்ம ஊர் அண்ணாச்சி ஒருத்தர் டிபன் கடை வச்சிருக்கார். ஹிஞ்சவடி ஐடி கூட்டம்தான் வாடிக்கை. ஆனாலும் வாடகை கட்டவே திணறுறார். "தம்பி, கார்டை மாத்திக் குடுங்க"ன்னார்.

முதல்ல கணக்கு பார்த்தோம். மசால் தோசை 90 ரூபாய், பொருள் செலவு 30, மிச்சம் 60. நெய்ப் பொடி இட்லி 80, செலவு 24, மிச்சம் 56. தோசையைத்தான் தூக்கிக் காட்டணும்னு தோணும். ஆனா காலை 9 மணிக்கு தோசைக்கல்லுக்குத்தான் காத்துக் கிடக்குறாங்க. இட்லிக்குக் கல்லே வேண்டாம். வெந்ததை நெய், பொடியில புரட்டினா தட்டுக்கு வந்துடும், மேஜையும் சீக்கிரம் காலியாகும்.

அதனால பொடி இட்லியை முதல் வரியில கட்டம் கட்டிப் போட்டேன். ஒரே கட்டம்தான். நாலு கட்டம் போட்டா எதுவுமே கண்ணுல படாது. விலையை வலது ஓரத்துல வரிசையா அடுக்காம, பேருக்குப் பக்கத்துலயே எழுதினேன். இல்லேன்னா கண்ணு விலையில மட்டும் இறங்கி, சல்லிசானதுல நின்னுடும்.

தினமும் வர்றவங்க கார்டைத் தொடுறதே இல்லை. அவங்ககிட்ட அண்ணாச்சி வாயாலதான் சொல்லணும். பதினைஞ்சு நாளைக்கு 9 மணி பில்லுல இட்லி எத்தனை, தோசை எத்தனைன்னு தனியா எழுதி வைக்கச் சொல்லியிருக்கேன்.