எட்டுப் பங்கு

திருப்பூரில் ஓர் ஏற்றுமதி கம்பெனியின் பேக்கிங் பிரிவில் சில வருடங்கள் கணக்கு எழுதினேன். பனியன் தொழிலில் நிறங்கள் கடைசிவரை ஒன்றையொன்று பார்த்துக்கொள்வதில்லை. கருநீலத் துணி ஒரு நாள் கட்டிங்குக்குப் போகும், வெள்ளைத் துணி வேறொரு நாள் போகும். தையலிலும் தனித்தனி லைன்தான், நூலின் நிறத்தை அடிக்கடி மாற்றமுடியாது. செக்கிங், அயர்னிங் எல்லாம் அப்படியே. இரண்டும் முதன்முதலாகச் சந்திக்கும் இடம் பேக்கிங் மேசை. அதனால் ஆர்டர் தாளின் ஓரத்தில் பையர் எழுதியிருக்கும் ‘3:5’ என்ற சின்னக் குறிப்பு, முந்தைய எல்லா இடங்களையும் எளிதாகக் கடந்து வந்து, எங்கள் மேசையில்தான் கேள்வியாக நிற்கும்.

ஒரு ஆர்டரை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஒரே சைஸ் டீ-சர்ட், மொத்தம் 2,400 பீஸ். கருநீலமும் வெள்ளையும் 3:5. எட்டு பீஸ் கொண்ட பாலி பேக் ஒரு செட். மூன்று செட் சேர்ந்தால் 24 பீஸ், ஒரு அட்டைப்பெட்டி. இதில் நீலம் எத்தனை, வெள்ளை எத்தனை?

அந்த வாரம் புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு பையனிடம் இதைக் கேட்டபோது, பேனாவை எடுத்து உடனே போட்டான். அஞ்சில் மூணு, 2,400-இல் அஞ்சில் மூணு என்றால் 1,440. மிச்சம் 960. நீலம் 1,440, வெள்ளை 960. கூட்டினால் 2,400 சரியாக வருகிறது என்று சந்தோஷமாக நீட்டினான்.

மேசையில் செட் போட்டுக்கொண்டிருந்த அக்கா தாளைப் பார்க்கக்கூட இல்லை. காதில் விழுந்த இரண்டு எண்களே அவருக்குப் போதும்.

“ஏன் கண்ணு, மூணு பெருசா அஞ்சு பெருசா? நீலந்தான மூணு? அதெப்படி நீலம் சாஸ்தியாகும்?”

கணக்கே தெரியாவிட்டாலும் செய்யக்கூடிய முதல் சோதனை இது. 3:5 என்றால் நீலம் பாதிக்கும் கீழே இருந்தாக வேண்டும். ஐந்தில் மூன்று என்பது பாதிக்கும் மேலே. பையன் 3:5 என்பதை 3/5 என்று படித்துவிட்டான். எழுதும்போது இரண்டும் ஒரே மாதிரிதான் தோன்றும், பொருள் வேறு. நீலம் வெள்ளையில் ஐந்தில் மூன்று என்பது உண்மை. மொத்தத்தில் ஐந்தில் மூன்று அல்ல. பின்னம் எழுதும்போது ‘எதில்’ என்று கேட்காவிட்டால் இந்தக் குழி எல்லோருக்கும் காத்திருக்கும். கூட்டினால் 2,400 வருவது எதையும் நிரூபிக்காது, ஏனென்றால் மிச்சத்தைக் கழித்துத்தானே அவன் இரண்டாவது எண்ணை எடுத்தான்!

அக்கா ஒரு செட்டை மேசையில் பரப்பினார். “மூணு பங்கு நீலம். அஞ்சு பங்கு வெள்ளை. மொத்தம் எத்தன பங்கு?”

“எட்டு.”

“அப்ப எட்டால வகு சாமி. அஞ்சால வகுக்காத.”

2,400-ஐ எட்டால் வகுத்தால் 300. இந்த 300 என்ன என்பதைப் புரிந்துகொள்வதில்தான் விஷயம் இருக்கிறது. அது பீஸ் கணக்கு இல்லை, ஒரு பங்கின் அளவு. மேசை மொழியில் சொன்னால், எத்தனை செட் என்பது. 300 செட்டுக்கும் மூன்று மூன்று நீலம், ஆக 900. ஐந்து ஐந்து வெள்ளை, ஆக 1,500. சரிபார்க்கக் குறுக்கே பெருக்கலாம்: 900-ஐ ஐந்தாலும் 1,500-ஐ மூன்றாலும் பெருக்கினால் இரண்டும் 4,500. பையனுடைய எண்களைப் பெருக்கினால் ஒன்று 7,200, மற்றொன்று 2,880. கூட்டலில் தப்பித்தது பெருக்கலில் மாட்டிக்கொள்ளும்.

பெட்டிக்கு 24 என்பதும் சும்மா வைத்த எண் இல்லை. அது எட்டால் வகுபடும். ஒவ்வொரு பெட்டியிலும் 9 நீலம், 15 வெள்ளை. இன்னொரு ஆர்டரில் இதே விகிதத்தைக் கொடுத்துவிட்டுப் பெட்டிக்கு 20 பீஸ் என்று எழுதியிருந்தார்கள். இருபதை எட்டால் வகுத்தால் இரண்டரை. நீலம் ஏழரை, வெள்ளை பன்னிரண்டரை. அரை டீ-சர்ட்டை யார் போடுவது? வழி ஒன்றுதான்: ஒரு பெட்டியில் 7 நீலம் 13 வெள்ளை, அடுத்ததில் 8 நீலம் 12 வெள்ளை. இரண்டு பெட்டி சேர்ந்தால் 15, 25. விகிதம் திரும்பி வந்துவிடும். ஆனால் தனித்தனிப் பெட்டியில் அது இல்லை. பெட்டிகள் வேறு வேறு கடைகளுக்குப் பிரிந்து போகுமென்றால் ஒவ்வொரு கடைக்கும் வேறு விகிதம் போய்ச்சேரும். அதனால் பையரிடம் கேட்டு, அவர் ஒத்துக்கொண்டு, பேக்கிங் லிஸ்ட்டில் இரு வகைப் பெட்டிகளையும் தனித்தனியாக எழுதிய பிறகே ஒட்டினோம். விகிதத்தில் பங்குகளின் கூட்டுத்தொகை பெட்டியின் எண்ணை வகுக்கிறதா என்பதை ஆர்டர் கையெழுத்தாகும் முன்பே பார்த்திருந்தால் இத்தனை கடிதம் வேண்டியதில்லை.

2,400 பீஸ் ஆர்டருக்கு வருகிறேன். தாளில் 900, 1,500 என்று அழகாக இருந்தது. சேதாரத்துக்காக ஆபீஸில் இரண்டு நிறத்துக்கும் மூன்று சதவீதம் கூட்டி வெட்டச் சொல்லியிருந்தார்கள். நீலம் 927, வெள்ளை 1,545. செக்கிங் முடிந்து கைக்கு வந்த நல்ல பீஸ்: நீலம் 918, வெள்ளை 1,452. நீலத்தில் ஒன்பதுதான் போயிற்று, வெள்ளையில் 93. மிஷின் எண்ணெய் நீலத்திலும் சொட்டியிருக்கும், ஆனால் கருநீலத்தில் கண்ணுக்குத் தெரியாது. வெள்ளையில் ஊசிமுனை அளவு கறையும் செக்கிங் விளக்குக்கு அடியில் கத்தும்.

மேனேஜர் இரண்டையும் கூட்டிப் பார்த்தார். 2,370. ஆர்டர் தாளில் மூன்று சதவீதம் வரை கூடக்குறைய அனுப்பலாம் என்று இருந்தது. அதாவது 2,328-க்குக் குறையக்கூடாது. 2,370 இருக்கிறதே, கவலையில்லை, ராத்திரி வண்டியைத் தூத்துக்குடிக்கு அனுப்பிவிடலாம் என்றார்.

அக்கா இரண்டு அடுக்கையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். “பீஸ் இருக்குதுங்க. செட்டு இருக்குதுங்களா?”

நான் கணக்குப் போட்டேன். கையில் இருப்பதைக் கூட்டி எட்டால் வகுக்கக்கூடாது. ஒவ்வொரு நிறத்தையும் அதன் பங்கால் தனியாக வகுக்க வேண்டும். நீலம் 918-ஐ மூன்றால் வகுத்தால் 306 செட்டுக்கு வரும். வெள்ளை 1,452-ஐ ஐந்தால் வகுத்தால் 290 செட், மிச்சம் இரண்டு. இதில் எது சிறியதோ அதுதான் விடை. 306 செட்டுக்கு நீலம் இருந்து என்ன, வெள்ளை 290-உடன் நின்றுவிடுகிறது. 290 செட் என்றால் 2,320 பீஸ். வரம்பு 2,328. எட்டு பீஸ் குறைவு. சரியாக ஒரு செட்!

மேனேஜர் நம்பாமல் மறுபடியும் எண்ணச் சொன்னார். மிச்ச நீலம் நாற்பத்தெட்டில் எட்டை எடுத்து நிரப்பிவிடலாமா என்றும் கேட்டார். நிரப்பினால் எண்ணிக்கை சரியாகும், ஆனால் ஒரு செட்டில் எட்டும் நீலம். பையரின் கிடங்கில் பாக்கெட்டைப் பிரிக்காமல் நேராகக் கடைக்கு அனுப்புவார்கள். அங்கே ஒரு கடையில் அலமாரி முழுக்க நீலமாக நின்றால், முழு ஷிப்மெண்ட்டுக்கும் தள்ளுபடி கேட்டு மெயில் வரும்.

291 செட்டுக்கு வேண்டிய வெள்ளை 1,455. இருப்பது 1,452. ஆக முழு ஆர்டரும் மூன்று வெள்ளை டீ-சர்ட்டில் நின்றது. கழித்துப்போட்ட 93-ஐக் கொட்டிப் பிரித்தோம். ஓட்டை விழுந்தது, தையல் விட்டது ஒரு பக்கம். எண்ணெய்க் கறை மட்டும் உள்ளது இன்னொரு பக்கம். ஓட்டைக்கு மருந்தில்லை, கறைக்கு உண்டு. கறை நீக்கும் ஸ்ப்ரே கன்னால் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி அடித்தார்கள். நடுவில் நேராக அடித்தால் எண்ணெய் போய், அது இருந்த இடத்தைச் சுற்றி வளையம் நிற்கும். வளையத்தை செக்கிங்கில் கறையாகவே எண்ணுவார்கள். முதலில் அடித்ததில் ஒன்று அப்படித்தான் வளையம் போட்டுக் கெட்டது. அடுத்த மூன்றும் சுத்தமாக வந்தன. காய்ந்து, அயர்ன் ஆகி, விளக்கைத் தாண்டி மேசைக்கு வரும்போது இரவு பத்தரை.

291 செட், 2,328 பீஸ், மூன்று மூன்றாக 97 பெட்டி, ஒரு செட்கூட மிஞ்சவில்லை. வண்டி பன்னிரண்டுக்குள் கிளம்பியது.

பிறகு நான் உட்கார்ந்து பார்த்தது, சேதாரத்துக்குக் கூட்டிய அந்த மூன்று சதவீதத்தைத்தான். விகிதம் 3:5 என்பதால் வெட்டுவதையும் 3:5-லேயே வெட்ட வேண்டும் என்று ஆபீஸில் நினைத்திருக்கிறார்கள். பெட்டிக்குள் போகும் விகிதமும் கத்திக்குக் கீழே போகும் விகிதமும் ஒன்றாக இருக்கவேண்டியதில்லை. வெள்ளையில் நூற்றுக்கு ஆறு கழிகிறது என்றால், 1,500 நல்ல பீஸ் கிடைக்க 1,500-ஐ 0.94-ஆல் வகுக்க வேண்டும். ஏறக்குறைய 1,600 வெட்டியிருக்க வேண்டும். நீலத்தில் நூற்றுக்கு ஒன்றுதான் கழிகிறது, 910 போதும். இரண்டும் சேர்த்து 2,510. உண்மையில் வெட்டியது 2,472. கூடுதலாக 38 பீஸ் துணி, அதுவும் சரியான நிறத்தில் கூடியிருந்தால் 300 செட்டும் முழுதாகப் போயிருக்கும். அடுத்த ஆர்டரிலிருந்து ஒவ்வொரு நிறத்துக்கும் போன முறை எத்தனை கழிந்தது என்பதைத் தனி நோட்டில் எழுதி, கட்டிங் மாஸ்டரிடம் கொடுக்க ஆரம்பித்தேன். வெள்ளைக்கு ஏன் இத்தனை என்று அவர் முணுமுணுப்பார். வெட்டுவார்.

மிஞ்சிய 45 கருநீல டீ-சர்ட்டுகள் கொஞ்ச நாள் மூலையில் சாக்கில் கிடந்தன. அவற்றில் ஒரு குறையும் இல்லை. பக்கத்தில் நிற்க எழுபத்தைந்து வெள்ளை இல்லை, அவ்வளவுதான். கடைசியில் காதர்பேட்டை வியாபாரி ஒருவர் வந்து எடுத்துக்கொண்டு போனார். அவர் விகிதம் எதுவும் கேட்கவில்லை.