கேட்டேன் என்றால் என்ன பொருள்?

பெஹாலாவில் ஓர் அறையில் இருந்துகொண்டே, பேச்சுத் தரவுத்தொகுப்புத் திட்டம் ஒன்றில் பகுதிநேரமாகப் பணியாற்றுகிறேன். எங்களுடையது நால்வர் குழு. நாள்தோறும் காலையில் ஒவ்வொருவரும் வாட்ஸப்பில் ஓரிரு வரிகள் எழுதுவோம். வெள்ளிக்கிழமை அவற்றைத் தொகுத்துத் திட்டப் பொறுப்பாளருக்கு அறிக்கை அனுப்புவது என் பொறுப்பு.

ஒரு வாரம், கொல்கத்தாவிலேயே வளர்ந்த தமிழ்த் தோழி ஒருவர் எழுதியவை இவை. திங்கள்: “இரண்டாம் தொகுதி ஒலிக்கோப்புகளைக் கேட்டேன்.” செவ்வாய்: “அது இன்னும் வரவில்லை.” புதன்: “பழைய குறியீடுகளைப் பார்க்கிறேன்.” வியாழன்: “ஹோயே ஜாபே.”

நான் எழுதிய அறிக்கை: “இரண்டாம் தொகுதி கேட்கப்பட்டது, குறியீட்டுப் பணி நடைபெறுகிறது.”

மொழியியல் படித்தவன் செய்யக்கூடாத பிழை அது. அவர் கோப்புகளைச் செவியால் கேட்கவில்லை, தரும்படி கேட்டிருந்தார். அனுமதிக் கடிதம் கையொப்பமாகாமல் கிடந்தது. செவ்வாய்க்கிழமையின் ‘அது’ அந்தக் கடிதத்தைச் சுட்டியது. எதைச் சுட்டுகிறது என்று விளங்காததால் அவ்வரியையே விட்டுவிட்டேன். ‘ஆகிவிடும்’ என்னும் பொருள்படும் ‘ஹோயே ஜாபே’யை முன்னேற்றமாக எடுத்துக்கொண்டேன். ஆக்குபவர் யார் என்பதை அத்தொடர் சொல்வதே இல்லை. எல்லாம் ஒழுங்காக நடப்பதாகப் பொறுப்பாளர் நம்பினார். கடிதம் கையொப்பமாக மேலும் 11 நாள்கள் ஆயின. முடித்த கோப்புகளின் எண்ணிக்கைக்கேற்ப ஊதியம் பெறும் தோழிக்கு அம்மாத வருவாய் குறைந்தது.

இப்போது ஆள்வாரியாகவோ நாள்வாரியாகவோ தொகுப்பதில்லை. ஒரு பணியைப் பற்றிய துண்டுகளையெல்லாம் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்து, விடுபட்ட எழுவாயையும் சுட்டுப்பெயருக்குரிய பொருளையும் நிரப்புகிறேன். நிரப்ப இயலாத இடத்தில் ஊகிக்காமல் எழுதியவரிடமே வினவுகிறேன். ஒரு பணி இரண்டு நாள்கள் நகராமல் நின்றால், ‘தடை’ என்னும் சொல்லை எவரும் எழுதாவிடினும் அங்கே தடை இருக்கிறதா என்று பார்க்கிறேன்.

தடையை அறிக்கையின் முதல் பத்தியில் வைக்கிறேன். எது நின்றது, எப்போதிலிருந்து, யார் என்ன செய்தால் நகரும், தாமதித்தால் என்ன இழப்பு என்ற நான்கும் அதில் இருக்கவேண்டும். அவ்வார அறிக்கை இவ்வாறு அமைந்திருக்கவேண்டும்:

“தடை: இரண்டாம் தொகுதியின் ஒலிக்கோப்புகள் திங்கள் முதல் கிடைக்கவில்லை. அனுமதிக் கடிதத்தில் துறைத்தலைவர் கையொப்பமிட்டால் உடனே பெறலாம். அடுத்த புதனுக்குள் கிடைக்காவிடில் இம்மாதக் குறியீட்டுப் பணி முடிவடையாது.”

இங்கே துறைத்தலைவர் எழுவாயாக வருகிறார், குற்றவாளியாக அல்லர். செயப்பாட்டு வினையில் ஒளிந்துகொள்வதும் தவறு, பழி சுமத்துவதும் தவறு. ஆகவே, அனுப்புமுன் வரைவை உரியவரிடம் காட்டிவிடுகிறேன்.

ஸ்க்ரம் வழிகாட்டியின் 2017 பதிப்பு வரை, அன்றாடக் கூட்டத்துக்கான மூன்று கேள்விகளுள் ஒன்று தடையைப் பற்றியது. 2020 பதிப்பில் அக்கேள்விகள் நீக்கப்பட்டன. எங்கள் குழுவில் அக்கேள்வியை மீண்டும் சேர்த்திருக்கிறோம். எழுதப்படாத தடையை எந்தத் தொகுப்பாளராலும் மீட்க முடியாதல்லவா?