காரணம் எவ்வளவு நேரம் முன்னால் நடந்தது?

எஃப்பிஜிஏ சிப்புக்குள் ஓடும் சிக்னல்களை ஆசிலோஸ்கோப்பின் முனை எட்டாது. அதற்காகத்தான் சிப்புக்குள்ளேயே ஒரு சிறிய லாஜிக் அனலைசரை நம் சர்க்யூட்டோடு சேர்த்து வைக்கிறோம். ஏஎம்டியின் விவாடோ மென்பொருளில் அதற்கு ஐஎல்ஏ என்று பெயர். குவார்ட்டஸில் சிக்னல் டேப், லேட்டிஸில் ரிவீல். பெயர் எதுவானாலும் வேலை ஒன்றே. நாம் காட்டிய சிக்னல்களை ஒவ்வொரு கிளாக் துடிப்பிலும் படித்து, சிப்பில் உள்ள பிளாக் ரேமில் சுற்றிச் சுற்றி எழுதிக்கொண்டே இருக்கும். நாம் சொன்ன நிபந்தனை நிறைவேறியதும், கேட்ட அளவு நிரம்பும்வரை எழுதிவிட்டு நின்றுவிடும். பிறகு ஜேடேக் கேபிள் வழியாக அதைக் கணினிக்கு எடுத்துப் பார்க்கலாம்.

இதில் நாம் முடிவு செய்ய வேண்டியவை இரண்டு: எந்தக் கணத்தில் ட்ரிகர் அடிக்க வேண்டும், எத்தனை சாம்பிள் சேமிக்க வேண்டும். இவற்றுக்கு முன்னால் இன்னொரு கேள்வியைக் கேட்டுக்கொள்வது என் பழக்கம். கண்ணில் படும் பிழைக்கும் அதன் காரணத்துக்கும் இடையே எவ்வளவு நேரம் இருக்கும்? இதற்குத் தோராயமாகவாவது விடை தெரிந்தால் மற்ற இரண்டும் தாமாகவே முடிவாகிவிடும். தெரியாமல் தொடங்கினால், எத்தனை முறை பிடித்தாலும் ஒழுங்காக நடக்கும் சிக்னல்களே திரையில் வந்து நிற்கும்.

நான் வேலை செய்த ஒரு டிசைனை வைத்துச் சொல்கிறேன். XC7A35T என்ற ஆர்ட்டிக்ஸ்-7 சிப், 100 மெகாஹெர்ட்ஸ் கிளாக். வெளியே உள்ள ஏடிசி மைக்ரோ வினாடிக்கு ஒன்று வீதம் 16 பிட் மதிப்புகளைத் தரும். அவை 1024 இடங்கள் உள்ள ஒரு ஃபிஃபோவுக்குள் போகும். அதில் 256 மதிப்புகள் சேர்ந்ததும், பாக்கெட் கட்டும் ஸ்டேட் மெஷின் அவற்றை மொத்தமாக எடுத்து ஈத்தர்நெட் பகுதிக்குக் கொடுக்கும். ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை, கணினியில் வரையப்படும் அலை நடுவில் வெட்டுப்பட்டதுபோல் தாவியது. பாக்கெட் எண்கள் வரிசை பிசகாமல் வந்தன. அதனால் பாக்கெட் எதுவும் தொலையவில்லை. தொலைந்தது பாக்கெட்டுக்குள் போக வேண்டிய மதிப்புகள்.

முதல் வேலையாக ஏடிசியைக் கழற்றி, அதன் இடத்தில் ஒவ்வொரு முறையும் ஒன்று கூடும் எண்ணியை வைத்தேன். இப்போது எவ்வளவு தொலைகிறது என்று எண்ணிவிடலாம். பிழை வரும்போதெல்லாம் தாவல் 980-ஐ ஒட்டியே இருந்தது. இந்த ஒரு எண்ணிலேயே நிறைய தெரிந்துவிடுகிறது. ஃபிஃபோ நிரம்பிய பிறகுதான் மதிப்புகள் தொலையும். காலியான ஃபிஃபோ நிரம்ப 1024 மைக்ரோ வினாடி ஆகும். அதன்பின் 980 மதிப்புகள் தொலைய 980 மைக்ரோ வினாடி. ஆக, படிக்கும் பக்கம் ஏறக்குறைய 2 மில்லி வினாடி அசையாமல் நின்றிருக்க வேண்டும். 100 மெகாஹெர்ட்ஸில் அது 2,00,000 துடிப்பு.

இந்தக் கணக்கைப் போடாமல் இருந்தால் முதலில் தோன்றும் ட்ரிகர், பாக்கெட் கட்டும் இடத்தில் 'முந்தைய மதிப்பைவிட ஒன்று கூடவில்லை' என்ற நிபந்தனைதான். அது சரியாகவே அடிக்கும். ஆனால் பயன் இருக்காது. ரேஷன் கடை வரிசையில் வால் பக்கம் ஓர் ஆள் விலகிப் போனால், முன்னால் நிற்பவர்கள் அத்தனை பேரும் நகர்ந்த பிறகுதான் கவுண்டரில் இருப்பவருக்கு அது தெரியும். ஃபிஃபோவும் அப்படித்தான். முனையில் தாவல் தெரியும்போது, அதற்குக் காரணமான தேக்கம் தொடங்கி 2 மில்லி வினாடிக்கு மேல் ஆகியிருக்கும், முடிந்தும் போயிருக்கும். 4096 சாம்பிள் வைத்தாலும் தெரிவது 41 மைக்ரோ வினாடி. அந்த ஜன்னலில் எல்லாமே ஒழுங்காக நடப்பதாகத்தான் தெரியும்.

அப்படியானால் சாம்பிள் ஆழத்தைக் கூட்டிவிடலாமே என்று தோன்றும். ஐஎல்ஏவில் அதிகபட்சம் 1,31,072. நான் பார்க்க நினைத்த சிக்னல்கள் மொத்தம் 36 பிட்: மதிப்பு 16, ஃபிஃபோவின் எண்ணிக்கை 11, ஸ்டேட் 4, எழுது, படி, நிரம்பியது, தயார், முடிந்தது என்று ஐந்து ஒற்றை பிட்கள். 36 பிட்டை 1024 ஆழத்துக்குச் சேமிக்க 36 கிலோபிட் பிளாக் ரேம் ஒன்று வேண்டும். 1,31,072 ஆழத்துக்கு 128 பிளாக். இந்தச் சிப்பில் இருப்பது மொத்தமே 50. அதிலும் பாதிக்கு மேல் டிசைனுக்கே போய்விட்டது. இடம் இருந்தாலும் கிடைப்பது 1.3 மில்லி வினாடிதான். ஆழத்தை மட்டும் கூட்டி இந்தப் பிழையைப் பிடிக்க முடியாது.

எனவே இரண்டையும் மாற்றினேன். ட்ரிகரை விளைவிலிருந்து பின்னால் நகர்த்தி, முதல் மதிப்பு தொலையும் அந்தக் கணத்திலேயே வைத்தேன்: `wr_en == 1 && full == 1`. நிரம்பிய ஃபிஃபோவில் எழுத முயல்வது என்று பொருள். அடுத்து, ஒவ்வொரு துடிப்பையும் சேமிக்காமல் `wr_en == 1` ஆகும் துடிப்பை மட்டும் சேமிக்கச் சொன்னேன். ஐஎல்ஏவில் இதற்குக் கேப்சர் கன்ட்ரோல் என்று பெயர். கோரை உருவாக்கும்போதே அதை இயக்கி வைக்க வேண்டும். பின்னால் நினைத்துக்கொண்டால் மறுபடி சிந்தசிஸ் ஓட்ட வேண்டியதுதான். இப்படிச் செய்ததும் ஒரு சாம்பிள் என்பது 10 நானோ வினாடியிலிருந்து 1 மைக்ரோ வினாடி ஆகிவிட்டது. 2048 ஆழத்துக்கு இரண்டு மூன்று பிளாக் போதும், 2 மில்லி வினாடிக்கு மேல் தெரியும். ட்ரிகரின் இடத்தை 1800-இல் வைத்தேன். அதாவது, அடிப்பதற்கு முந்தைய 1800 மைக்ரோ வினாடியும் பிந்தைய 248 மைக்ரோ வினாடியும் கிடைக்கும். நமக்கு வேண்டியது கடந்த காலம் என்பதால் ஜன்னலின் பெரும்பகுதி அதற்கே.

வந்த படம் தெளிவாக இருந்தது. ஃபிஃபோவின் எண்ணிக்கை ரம்பப் பல்லாக 256 வரை ஏறி இறங்கி, ஏறி இறங்கி வந்தது. ட்ரிகருக்கு ஏறத்தாழ 1020 சாம்பிளுக்கு முன், ஓர் இறக்கத்துக்குப் பிறகு, இறங்காமல் நேர்கோடாக 1024 வரை ஏறியது. அந்த நேர்கோடு முழுவதும் ஸ்டேட் `ST_WAIT`. பாக்கெட்டை ஒப்படைத்துவிட்டு, ஈத்தர்நெட் பகுதியிலிருந்து `done` என்ற ஒரு துடிப்பு நீளமுள்ள பதிலுக்குக் காத்திருக்கும் நிலை அது.

இந்த வகைப் படத்தைப் படிக்கும்போது ஒன்றை மறக்கக்கூடாது. திரையில் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு சாம்பிள்களுக்கு நடுவில் 99 துடிப்புகள் பதிவாகவே இல்லை. `done` அந்த இடைவெளியில் வந்து போயிருந்தால் இங்கே தெரியாது. ஆகவே 'done வரவில்லை' என்று இந்தப் படத்தை வைத்துச் சொல்ல முடியாது. எழுதும் இடைவெளி சீராக இல்லாத டிசைனில், நேரத்தை அறிய ஓர் எண்ணியையும் சிக்னலாகச் சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கும். இங்கே அந்தத் தேவை எழவில்லை.

இனி தேக்கம் தொடங்கும் கணத்தை முழு வேகத்தில் பார்க்க வேண்டும். ஆனால் `ST_WAIT` எல்லாப் பாக்கெட்டுக்கும் வரும். வழக்கமாகச் சில துடிப்புகளில் முடிந்துவிடும். கெட்டுப்போன காத்திருப்பை நல்ல காத்திருப்பிலிருந்து தொடக்கத்திலேயே பிரித்தறிய வழியில்லை. நீண்ட பிறகுதான் கெட்டது என்று தெரியும். ஆகவே, நீண்டுவிட்டது என்று தெரியும் கணத்தில் ட்ரிகர் அடித்து, அங்கிருந்து தொடக்கத்தைத் திரும்பிப் பார்க்க வேண்டும். ஐஎல்ஏவின் அட்வான்ஸ்டு ட்ரிகரில் உள்ள கவுண்டரைக் கொண்டும் இதைச் செய்யலாம். நான் டிசைனிலேயே சில வரிகள் எழுதினேன்:

```verilog
reg [11:0] wait_cnt;
(* mark_debug = "true" *) reg stall_hit;

always @(posedge clk) begin
  if (state != ST_WAIT)      wait_cnt <= 0;
  else if (wait_cnt != 3000) wait_cnt <= wait_cnt + 1;
  stall_hit <= (wait_cnt == 3000);
end
```

3000 துடிப்பு என்பது 30 மைக்ரோ வினாடி. நல்ல காத்திருப்பு எதுவும் அந்த அளவை எட்டாது. சாம்பிள் ஆழம் 4096, ட்ரிகரின் இடம் 3900. தேக்கம் தொடங்கிய கணம் ட்ரிகருக்கு 3000 சாம்பிள் முன்னால் விழும். அதற்கும் முந்தைய 900 சாம்பிள், அதாவது 9 மைக்ரோ வினாடி, கைக்கு வரும். எல்லையில் எந்த எண்ணை வைக்கிறோமோ அதைவிட ஆழம் போதுமான அளவு கூடுதலாக இருக்க வேண்டும் என்பதுதான் இங்கே கணக்கு. எல்லையை 5000 என்று வைத்திருந்தால் தேக்கத்தின் தொடக்கம் ஜன்னலுக்கு வெளியே போயிருக்கும். மதிப்புகளுக்கான 16 பிட் இனி தேவையில்லை. அந்த இடத்தில் ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டரின் பஸ் சிக்னல்களைச் சேர்த்தேன், ஏனென்றால் `ST_WAIT`-க்கு முந்தைய படி அந்த ரெஜிஸ்டரில் பாக்கெட் எண்ணை எழுதுவது.

இப்படிச் சிக்னல்களை மாற்றும்போதெல்லாம் டைமிங் ரிப்போர்ட்டையும் ஒரு முறை பார்த்துவிட வேண்டும். `mark_debug` போட்ட சிக்னலை மென்பொருள் சுருக்காமல் விட்டுவைக்கும், சிப்பில் உறுப்புகள் அமரும் இடமும் மாறும். ஐஎல்ஏவைச் சேர்த்ததும் பிழை காணாமல் போனால் டைமிங் மீறலையோ, ஒரு கிளாக்கிலிருந்து இன்னொரு கிளாக்குக்குச் சிக்னல் தாண்டும் இடத்தையோ முதலில் சந்தேகிப்பேன். இந்த டிசைனில் பிழை அப்படியே இருந்தது. அதனால் தவறு லாஜிக்கில்தான் என்று எடுத்துக்கொண்டேன்.

இரண்டாவது படம் காரணத்தைக் காட்டியது. கடைசி மதிப்பு போன 4 துடிப்புக்குப் பிறகு `done` வரும். ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டரில் எழுத வழக்கமாக ஒரு துடிப்பு போதும், ஆகவே ஸ்டேட் மெஷின் அதற்குள் `ST_WAIT`-க்குப் போய்ச் சேர்ந்திருக்கும். ஆனால் இந்த ரெஜிஸ்டரை ஒரு செயலியும் படிக்கிறது. அதே நேரத்தில் அது படித்துக்கொண்டிருந்தால் பஸ் 8 துடிப்புக்கு அதன் கையில் இருக்கும். ஸ்டேட் மெஷின் அங்கே காத்து நிற்கும்போது `done` வந்து போய்விடுகிறது. அதன்பின் `ST_WAIT`-க்கு வந்து, வராத பதிலுக்காக நிற்கிறது. கடைசியில் அதை விடுவிப்பது 2 மில்லி வினாடி டைமர். தாவலின் அளவு முதலிலேயே சொன்ன 2 மில்லி வினாடி இதுதான்.

காரணம் இதுதான் என்றால் பிழையின் வீதமும் கணக்கில் வர வேண்டும். செயலி வினாடிக்கு ஒரு முறை படிக்கிறது. அது பஸ்ஸைப் பிடித்த முதல் 4 துடிப்புக்குள், அதாவது 40 நானோ வினாடிக்குள், ஸ்டேட் மெஷின் எழுத வந்தால்தான் `done` தவறும். பாக்கெட் 256 மைக்ரோ வினாடிக்கு ஒன்று. ஆக வாய்ப்பு 6400-இல் ஒன்று. 6400 வினாடிக்கு ஒரு முறை, ஏறக்குறைய ஒன்றே முக்கால் மணி நேரம். பார்த்ததோடு பொருந்தியது.

திருத்தம் எளிது. `done` எப்போது வந்தாலும் ஒரு ஃபிளிப்-ஃபிளாப்பில் பிடித்து வைத்து, `ST_WAIT`-ஐ விட்டுப் போகும்போது அழித்தால் போதும். திருத்தம் பலித்ததா என்று உறுதி செய்வதில்தான் கவனம் வேண்டும். `stall_hit` ட்ரிகரை ஆயத்தமாக வைத்துவிட்டுக் காத்திருந்தால் அது அடிக்காமலே இருக்கலாம். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை வரும் பிழைக்கு அந்த மௌனம் சான்றாகாது. அதனால் செயலியை வினாடிக்கு ஒரு முறைக்குப் பதில் மில்லி வினாடிக்கு ஒரு முறை படிக்க வைத்தேன். கணக்குப்படி பழைய டிசைன் ஆறு வினாடிக்கு ஒரு முறை தேங்க வேண்டும். பழைய பிட் ஃபைலை ஏற்றியதும் அப்படியே ட்ரிகர் சில வினாடிகளுக்கு ஒரு முறை அடித்தது. அதே வேகத்தில் புதிய பிட் ஃபைலை ஏற்றி விடிய விடிய ஓட விட்டேன். ட்ரிகர் ஒரு முறையும் அடிக்கவில்லை. முந்தைய சோதனையில் அது அடித்ததைப் பார்த்திருந்ததால்தான் இந்த மௌனத்தை நம்ப முடிந்தது.