15 கோணல் கப்பல்கள்

கோவையில் பம்ப் உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்கூடத்தில், சூப்பர்வைசர்களுக்கு நடந்த பயிற்சியைப் பார்க்கப் போயிருந்தேன். நான்கு பேர் வரிசையாக உட்கார்ந்து காகிதக் கப்பல் மடிக்கிறார்கள். டொயோட்டாவின் டாயிச்சி ஓனோ வகைப்படுத்திய ஏழு விரயங்களைப் பலகையில் எழுதிப்போடப் பத்து நிமிடம் போதும். காத்திருப்பு, குறைபாடு, வீண் நடை எல்லாம் சொன்னதுமே புரிந்துவிடும். புரியாதது ஒன்றுதான்: தேவைக்கு முந்திச் செய்து குவிப்பது. ஓனோ மிக மோசமானதாகக் கருதியது அதைத்தான். இந்த விளையாட்டு அதற்காகவே வேண்டியிருக்கிறது என்பது என் கட்சி.

ஒவ்வொருவர் மடிப்புக்கும் 10 விநாடி. முதல் சுற்றில் ஐந்தைந்தாகச் சேர்த்துத்தான் அடுத்தவருக்குத் தள்ள வேண்டும். முதல் ஆளின் நடு மடிப்பு ஒரு நூல் விலகியிருக்கிறது. கப்பலை விரிக்கும் நான்காம் ஆளுக்குத்தான் அது சாய்வது தெரியும். அவர் கைக்கு முதல் கட்டு வருவது 150-ஆவது விநாடியில். அதற்குள் 15 தாள் பாழ். ஒவ்வொன்றாகக் கைமாற்றினால் 30-ஆவது விநாடியிலேயே தெரிந்துவிடும்; பாழ் மூன்றோடு நிற்கும். ‘ஒவ்வொன்றாகச் செய்தால் வேகம் கூடும்’ என்று பயிற்சியாளர்கள் சிலர் சொல்வது பாதி உண்மை. முதல் கப்பல் சீக்கிரம் வரும். அதன்பின் இரண்டு முறையிலும் 10 விநாடிக்கு ஒன்றுதான். லாபம் வேகத்தில் இல்லை, தவறு சீக்கிரம் வெளிப்படுவதில்.

அடுத்த சுற்றில் மூன்றாம் ஆளுக்கு மட்டும் 20 விநாடி வேலை. ஐந்து நிமிடத்தில் அவர் முன்னால் 14 தாள் சேர்ந்துவிடும். பிறகு அங்கே சாக்பீஸால் ஒரு கட்டம் போடுகிறார்கள். அதில் தாள் இருந்தால் முந்தைய ஆள் கையை நிறுத்த வேண்டும். கப்பல் எண்ணிக்கை குறையவில்லை, குவியல் மட்டும் போய்விட்டது. சும்மா இருக்கும் கையைப் பார்க்கத்தான் சூப்பர்வைசர்களுக்குப் பொறுக்கவில்லை. குவியல் இருந்தபோது மூன்றாம் மடிப்பின் சிக்கலை யாரும் பேசவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

பழகப் பழக யாருக்கும் கை வேகமாகும், முறைக்கு என்ன பெருமை என்று கேட்கலாம். நியாயம்தான், பழைய முறையையே இரண்டு தடவை ஓட்டிய பிறகு மாற்றினால் அந்தச் சந்தேகம் தீரும். பிரஸ்ஸில் டை மாற்ற ஒரு மணி நேரம் ஆகுமே, காகிதத்துக்கு அது உண்டா என்பது இன்னும் கனமான கேள்வி. காகிதம் அங்கே தோற்கிறது. வண்ணத்தாள் மாறும்போதெல்லாம் 30 விநாடி நிறுத்தம் என்று விதி சேர்த்தால், கட்டு ஏன் பெரிதாகிறது என்பதும், டை மாற்றும் நேரத்தைக் குறைக்காமல் கட்டைக் குறைக்க முடியாது என்பதும் மேசையிலேயே தெரியும். விளையாட்டுக்கு எட்டாதது வேறொன்று: ஷிப்ட் முடிவில் மெஷின்வாரியாக எத்தனை பீஸ் என்று கேட்கும் ரிப்போர்ட். கையை நிறுத்திய ஆளுக்கு அதில் எண்ணிக்கை குறைவாகத்தான் விழும்; கேள்வி கேட்கப்படுவது சூப்பர்வைசரிடம்.