காப்பி குடிச்சா உடம்புல தண்ணி வத்திடுமா?



தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப் பந்தல் போடும்போதெல்லாம் எங்கள் குழுவில் இந்தப் பேச்சு வந்துவிடும். ராத்திரி கண் விழிக்கணும் என்று ஒருத்தர் கோப்பி ஓ கலக்கினால், இன்னொருத்தர், "அதைக் குடிக்காதீங்கண்ணே, உள்ள போனதைவிட அதிகமா வெளிய போயிடும்" என்பார். கிள்ளான் பக்கம் ஃபேக்டரியில், சூட்டில் நின்று வேலை செய்கிற பிள்ளைகளும் இதையே சொல்கிறார்கள். அதனால் இதைக் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறோம்.

முதலில், இந்தப் பேச்சில் உண்மை இல்லாமல் இல்லை. நம்ம சிறுநீரகம் ரத்தத்தை வடிகட்டிவிட்டு, அதில் உள்ள உப்பின் பெரும்பகுதியைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ளும். காப்பியில் உள்ள காஃபீன் அந்த வேலையைச் சில மணி நேரத்துக்குக் கொஞ்சம் மந்தப்படுத்தும். உப்பு வெளியே போனால் தண்ணீரும் கூடவே போகும்.

ஆனால் ஒரு கப் கோப்பி ஓவில் கிட்டத்தட்ட முழுக்கத் தண்ணீர்தானே? உள்ளே போவது அதிகமா, வெளியே போவது அதிகமா என்பதுதான் கேள்வி. இதற்கு இரண்டு ஆராய்ச்சிகள் நேர் எதிரான பதிலைச் சொல்லின.

1997-ல் ஜெர்மனியில் 12 பேரை ஐந்து நாள் காப்பி, தேநீர் எதுவும் இல்லாமல் வைத்திருந்தார்கள். பிறகு ஒரே நாளில் ஆறு கப் காப்பி கொடுத்தார்கள். அதே அளவு தண்ணீர் குடித்த நாளைவிடச் சிறுநீர் சராசரியாக முக்கால் லிட்டர் அதிகம் போனது. உடம்புத் தண்ணீரும் ஒரு கிலோ அளவுக்குக் குறைந்தது.

2014-ல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகம் வெளியிட்டது வேறு கதை. அதில் இருந்த 50 ஆண்களும் தினமும் மூன்று முதல் ஆறு கப் குடிக்கிறவர்கள். மூன்று நாள், தினமும் 200 மில்லி வீதம் நாலு கப் காப்பி. இன்னொரு மூன்று நாள், காப்பிக்குப் பதில் அதே அளவு தண்ணீர். மற்ற சாப்பாடு எல்லாம் ஒன்றுதான். சிறுநீர் அளவிலும் உடம்புத் தண்ணீரிலும் சொல்லும்படி வித்தியாசம் இல்லை.

ஏன் இப்படி? முக்கியக் காரணம் பழக்கம். தினமும் குடிக்கிறவர் உடம்பு காஃபீனுக்குப் பழகிவிடும். சில நாள் நிறுத்தினால் அந்தப் பழக்கம் கலைந்துவிடும். அளவும் ஒரு காரணம். ஜெர்மனியில் ஒரே நாளில் கொடுத்தது ரொம்ப அதிகம்.

இதை நம்ம ஊரில் வைத்துப் பாருங்கள். பிரிக்பீல்ட்ஸில் தினமும் நாலு கப் குடிக்கிற ஒரு அண்ணன். அவர் 800 மில்லி காப்பி குடித்தால், பெரும்பாலும் 800 மில்லி தண்ணீர் குடித்த மாதிரியே கணக்கு வைத்துக்கொள்ளலாம். அவர் பக்கத்தில், 48 நாள் விரதத்தில் காப்பியையும் விட்டுவிட்ட ஒரு தம்பி. தைப்பூசத்தன்று காவடி இறக்கிய கையோடு, கடுங்கோப்பியாக நாலைந்து கப் அடிக்கிறார். நம்ம கோப்பிக் கடைகளில் அதிகம் போடுவது ரொபஸ்தா கொட்டை. அதில் அராபிகாவைவிடக் காஃபீன் சுமார் இரண்டு மடங்கு. ஏற்கெனவே வியர்த்துக் களைத்த உடம்பு அது. பெரியவர்கள் சொல்கிற எச்சரிக்கை இந்தத் தம்பிக்குத்தான் பொருந்தும். அவர் முதலில் தண்ணீரும் சாப்பாடும் எடுத்துக்கொண்டு, பிறகு ஒரு சின்னக் கப்போடு நிறுத்துவது நல்லது.

காப்பி குடித்த கொஞ்ச நேரத்தில் டாய்லெட் வருவதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். ஒரு பெரிய கிளாஸ் பச்சைத்தண்ணீர் குடித்தாலும் அப்படித்தான் வரும். சரியாகப் பார்க்கணும்னா, ஷிஃப்டுக்கு முன்னும் பின்னும் எடை போட்டுப் பாருங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் போயிருக்கிறது. சிறுநீர் அடர் மஞ்சளாகவும் கொஞ்சமாகவும் போனாலும் தண்ணீர் போதவில்லை என்று அர்த்தம்.

ஒன்றை மறக்கவேண்டாம். பர்மிங்ஹாமில் சோதித்தது வெயிலில் வியர்த்துக் கொட்டிய ஆட்களை அல்ல. வியர்வையில் உப்பும் போகும். காப்பி அதை ஈடுகட்டாது. அதனால் வெயில் வேலையில் தண்ணீரும் சாப்பாடும்தான் முதல், காப்பி அதற்கு மேல்தான். இனிப்பு நீர் உள்ளவர்கள் பால் டின் ஊற்றிய கோப்பியை விட்டு, கோசோங் கேளுங்கள். இருதயம், சிறுநீரகப் பிரச்சினைக்காக டாக்டர் தண்ணீர் அளவு குறித்துக் கொடுத்திருந்தால், காப்பியையும் அந்த அளவுக்குள்ளேயே சேர்க்கணும். அதுவும் தண்ணீர்தான்.

இந்த வருஷம் பந்தலில் கோப்பி ஓவும் இருக்கும், தண்ணீரும் இருக்கும். விரதத்தில் காப்பியை விட்டவர்கள் சொல்லுங்கள், உங்களுக்குச் சின்னக் கப்பில் ஊற்றுகிறோம்.